சட்டியக்காவின் நண்டு வறுவல்

அந்தச் சாப்பாட்டுக் கடையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. முதலாளிக்கு அவள் 'தங்கச்சி'. மற்ற எல்லோருக்கும் 'சட்டியக்கா'. சட்டி என்றால் சும்மா சட்டியில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்க வேண்டிய, அடி கனத்த, வாய் அகன்ற இரும்புச் சட்டி. அதில் அவள் நண்டைத் தவிர வேறெதையும் வறுத்ததில்லை. ஒருமுறை யாரோ அவசரத்துக்கு அதில் முட்டை பொரித்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் அவள் அந்த ஆளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், "சட்டியக் கழுவி வச்சியா" என்று.

கடைக்கு எதிரே படகு கட்டும் பட்டறை. இந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி. மதியம் பன்னிரண்டரைக்குப் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றால் ஐந்தாவது நிமிடத்தில் கடையில் உட்கார இடமிருக்காது. சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் எல்லாக் கடையிலும் உண்டு. இந்தக் கடையின் வாசல் பலகையில் மட்டும் கடைசி வரியில் 'நண்டு வறுவல்' என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் உள்ளே வந்தார்கள்.

சட்டியக்கா சமையல்காரியாகப் பிறந்து வளர்ந்தவள் இல்லை. பதினோரு வருடம் மீன் கம்பெனியில் நண்டு தரம் பிரித்தாள். கூடையிலிருந்து ஒரு கையால் எடுத்து, எடை பார்த்து, கனமானது இந்தப் பக்கம், லேசானது அந்தப் பக்கம். அண்மையில் பழைய ஓட்டை உதறிப் புது ஓடு போட்ட நண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம். அதை விரல் பட்ட உடனே சொல்லிவிடுவாள். மதிய இடைவேளையில், கால் உடைந்து ஒதுக்கப்பட்ட நண்டுகளை அங்கிருந்த பெண்கள் சேர்ந்து ஒரு பழைய தகரச் சட்டியில் வறுத்துச் சாப்பிடுவார்கள். கரண்டி எப்போதும் இவள் கையில்தான் வந்து சேர்ந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இவளும் யோசிக்கவில்லை.

பிறகு வெங்காயம் நறுக்க இந்தக் கடைக்கு வந்தாள். வந்த இரண்டாம் மாதம் சமையல்காரர் வராத ஒரு நாளில், வாங்கி வைத்த நண்டு வீணாகிறதே என்று வறுத்து வைத்தாள். அன்று மாலையே முதலாளி பலகையில் ஒரு வரி சேர்த்தார். ஆறு வருடமாயிற்று. அந்த வரி அழியவேயில்லை, சுண்ணக்கட்டி மங்கும்போதெல்லாம் அதன்மேலேயே திரும்ப எழுதி எழுதி அந்த எழுத்துகள் மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாகிவிட்டன.

அவள் வறுப்பதைப் பார்த்தால் கடினமாகவே தெரியாது. நண்டின் மேலோட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் இருக்கும் பஞ்சு போன்ற செவுளைப் பிடுங்கி எறிந்து, உடலை நான்காக வெட்டுவாள். கொடுக்கை மட்டும் குழவியால் ஒரே ஒரு தட்டு. ஓடு விரிய வேண்டும், நொறுங்கக் கூடாது. நொறுங்கினால் வாயில் ஓட்டுத் துணுக்கு மாட்டும், விரியாவிட்டால் உப்பு உள்ளே போகாது. ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ, ஆறு தட்டுக்கு. அதற்குமேல் ஒரு துண்டு போட மாட்டாள். சட்டி நிறைந்தால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு தங்கள் ஆவியிலேயே வேகும், வறுபடாது.

எண்ணெயில் வெங்காயம் பொன்னிறமானதும், இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாடை போனதும், நண்டு. தீ முழுக்க. ஓடு நீலம் கலந்த சாம்பல் நிறத்திலிருந்து செங்காவிக்கு மாறும்வரை புரட்டுவாள். பிறகு உப்பும் மஞ்சளும் போட்டு, மூடி, தீயைப் பாதிக்குக் குறைப்பாள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. நண்டே போதும் போதும் என்கிற அளவுக்குத் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரில் அது வெந்ததும் மூடியை எடுத்து, தீயை மறுபடி ஏற்றி, தண்ணீரை வற்றவிடுவாள். சரியாக வற்றிய அந்த நேரத்தில் தீயை அடக்கிக் குறைத்து, வறுத்துப் பொடித்த மிளகாய், மல்லி, மிளகு, சோம்பைத் தூவி, ஓடெல்லாம் ஒட்டப் புரட்டி இறக்குவாள்.

வித்தையெல்லாம் அந்த 'சரியாக' என்ற சொல்லில் இருந்தது. தண்ணீர் மிச்சமிருக்கும்போது பொடி விழுந்தால் அது மாவு கரைத்த மாதிரி சேறாகி, ஓட்டில் ஒட்டாமல் தட்டில் வழியும். தண்ணீர் வற்றிப் போன பிறகும் சும்மா நின்றால் சதை சுருங்கி ஓட்டோடு ஒட்டிக்கொண்டு நார் நாராக வரும். தீயைக் குறைக்காமல் பொடியைப் போட்டால் அரை நிமிடத்தில் கருகிக் கசக்கும். இது எப்போது என்று கேட்டவர்களிடமெல்லாம் அவள் ஒரே பதிலைச் சொன்னாள். "அது வந்துடும். வந்தா தெரியும்."

அவள் பொய் சொல்லவில்லை. அதற்குமேல் அவளுக்கே தெரியாது.

திங்கட்கிழமை மாலை முதலாளி எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார்.

முதலாளி இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். கடை வைத்த பிறகும் பேச்சு மட்டும் இன்னும் நெடுஞ்சாலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பங்கரைச் சுவரில் ஒரு ஆள் தலை புகும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதில் அந்தப் பெரிய ஃபேனைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேரன் பிறந்த அன்றுகூட அவ்வளவு பல் தெரியவில்லை.

"பாத்தியா தங்கச்சி. இனிமே மிளகாப் புகை ஹாலுக்குள்ள வராது. இருமிக்கிட்டே சாப்பிட்டவனெல்லாம் இனிமே சிரிச்சிக்கிட்டே சாப்பிடுவான்."

"என்னண்ணே சொல்றீங்க?" என்றாள் சட்டியக்கா. ஃபேன் அப்படி உறுமியது. அவர் கிட்டே வந்து அதையே கத்திச் சொன்னார்.

உண்மையில் நல்ல ஃபேன்தான். அடுப்பங்கரையில் மூச்சு விட முடிந்தது. கண் எரியவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் முந்தானையால் முகம் துடைக்கவேயில்லை. அதனால் ஒரு தட்டு நண்டு திரும்பி வந்தபோது அவள் ஃபேனைச் சந்தேகப்படவில்லை.

தட்டைக் கொண்டுவந்தவர் பரிமாறுகிறவர். ஐம்பது வயது. ஹாலில் யார் என்ன சொன்னாலும் ஒன்று விடாமல் அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதால் அவருக்குச் 'செய்தி' என்று பெயர் நிலைத்திருந்தது.

"மூணாவது டேபிள்ல, இது வறுவலா குழம்பான்னு கேக்குறாங்க."

சட்டியக்கா தட்டைப் பார்த்தாள். மசாலா ஓட்டை விட்டு வழிந்து தட்டின் ஓரத்தில் குளம் கட்டியிருந்தது. அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆவி அடங்கிய பிறகுதானே பொடி போட்டோம் என்று நினைத்தாள். ஆவி அடங்கவில்லை, ஃபேன் அதை எழும்பும்போதே உறிஞ்சிக்கொண்டு போயிருந்தது என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை ஜாக்கிரதையாக இருந்தாள். கூடுதலாக நின்றாள். அன்று செய்தி கொண்டுவந்த செய்தி வேறு. "நல்லா இருக்காம். ஆனா சதையை எடுக்க உளி வேணுமாம்."

நண்டு சரியில்லை என்றாள். வியாழக்கிழமை தானே போய் ஒவ்வொன்றாகக் கையில் எடை பார்த்து வாங்கி வந்தாள். காஸ் சரியில்லை என்றாள். சிலிண்டரை மாற்றினார்கள். சட்டியைத் தேய்த்தவர் மேல் சந்தேகப்பட்டாள். அன்று இரண்டு தடவை வறுத்ததில் ஒன்று சேறு, ஒன்று நார். அந்த நார்த் தட்டு போய்ச் சேர்ந்த இடம்தான் வில்லங்கம். அது பட்டறையின் பெரிய மேஸ்திரி முன்னால் போயிருந்தது.

பெரிய மேஸ்திரி பேசுவது குறைவு. படகுக்குப் பலகை பொருத்தும்போது நூலிடை விலகல் இருந்தாலும் கழற்றச் சொல்கிற மனுஷன். ஆறு வருடமாக வாரம் மூன்று நாள் அந்த நண்டைச் சாப்பிட்டவர். அவர் தட்டைத் திருப்பி அனுப்பவில்லை. பாதியில் கை கழுவிவிட்டு எழுந்துபோனார். அது அதைவிட மோசம்.

மூன்று மணிக்கு ஹால் காலியானதும் முதலாளி வந்து, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றார். ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். அமைதியாகப் பேச முடிந்தது.

"தங்கச்சி, ஞாயித்துக்கிழமை பட்டறைல புதுப் படகு தண்ணில எறக்குறாங்க. மேஸ்திரி பதினாறு பேருக்கு நண்டு சொல்லியிருந்தார் இல்ல. இப்ப மீனா மாத்திக்கலாமான்னு கேக்குறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சனிக்கிழமை மத்தியானம் ஒரு தட்டு சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னேன்." அவர் தலையைச் சொறிந்தார். "அன்னைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா, நான் பலகையிலேந்து அந்த வரியை எடுத்துர்றேம்மா. கோவிச்சுக்காத. பிரேக் புடிக்காத வண்டிய ரோட்டுக்கு எடுக்கக் கூடாது. நீ குழம்பு பாத்துக்க. உனக்கு வேலைக்கு ஒரு குறையும் இல்ல."

வேலைக்குக் குறையில்லைதான். ஆனால் குழம்பு வைக்க இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நண்டு வறுக்க அவள் ஒருத்திதான். சட்டியில்லாத சட்டியக்கா யார்? வெங்காயம் நறுக்குகிற ஒரு அக்கா. அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

மிஞ்சிய நண்டை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. அளவு நாடா கழுத்திலேயே கிடக்கும், சாப்பிடும்போதும். அவர் ஒரு கொடுக்கைக் கடித்தார், மென்றார், மென்றுகொண்டேயிருந்தார்.

"எதாவது சொல்லுங்க."

"இரு, இன்னும் முடியல," என்றார் அவர் மென்றபடி. பிறகு விழுங்கிவிட்டு, "காலருக்கு உள்ள வைக்கிற கேன்வாஸ் இதைவிட மெதுவா இருக்கும்," என்றார்.

"வாய்ல நல்லதே வராதா உங்களுக்கு?"

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன். எவ்வளவு நேரம் வறுக்குற?"

"நேரமெல்லாம் யாரு பாத்தா? வந்தா தெரியும்."

"அளவெடுக்காம வெட்டிட்டு, சட்டை பத்தலைன்னு துணி மேல பழி போடுற கதையா இருக்கு." அவர் வெட்டுக் காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்துப் பென்சிலோடு அவளிடம் தந்தார். "நாளைக்கு ஒவ்வொண்ணுக்கும் கடிகாரத்தைப் பாத்து எழுதிட்டு வா."

வெள்ளிக்கிழமை கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி மசாலா டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள். எழுதவும் செய்தாள். தீ முழுக்க இரண்டு நிமிடம். மூடிப் பாதித் தீயில் ஆறு. மூடியைத் திறந்து தீயை ஏற்றினாள். அதற்கு எதிரே எழுத வேண்டிய எண்ணைத்தான் காணோம். எங்கே நிறுத்துவது என்பதுதானே பிரச்சினையே. பென்சிலும் கரண்டியுமாக நின்றுகொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று.

ஃபேன் சுற்றிச் சுற்றி, முனகி, நின்றது.

அப்போது அவளுக்குச் சட்டி கேட்டது.

தளதளவென்று தண்ணீர் கொதிக்கிற சத்தம். நான்கு நாளாக அது இல்லை என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சத்தம் மெல்லச் சிறுத்தது. நடுநடுவே 'சொய்' என்று எண்ணெயின் குரல் எட்டிப் பார்த்தது. தண்ணீர்ச் சத்தம் ஓரத்துக்கு ஒதுங்கி, எண்ணெய்ச் சத்தம் நடுவுக்கு வந்தது. கரண்டியால் புரட்டியபோது ஓடுகள் ஒன்றோடொன்று மோதி, ஈரத்தில் மொத்தென்று விழாமல், கலகலவென்று பேசின. அவள் கை தானாகப் போய்த் தீயைக் குறைத்தது. பொடி விழுந்தது. கையைக் கட்டிக்கொண்டு அவளே தன்னை வேடிக்கை பார்த்த மாதிரி இருந்தது.

இறக்கினாள். ஒரு துண்டை உடைத்துப் பார்த்தாள். சதை முழுசாக, வெள்ளையாக, ஓட்டை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. மசாலா விரலில் ஒட்டியது, தட்டில் ஒட்டவில்லை.

"அண்ணே," என்று கூப்பிட்டாள். "நான் காதாலதான் வறுத்திருக்கேன்."

முதலாளி உள்ளே வந்தார். ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடித் திறந்தார். "என்னது, காதாலயா?"

"தண்ணி வத்துற சத்தம். அது மாறுற எடத்துலதான் நான் பொடி போடுவேன். இத்தனை வருஷமா அது எனக்கே தெரியாது. உங்க ஃபேன் வந்ததும் சட்டி ஊமையாயிடுச்சு."

அவள் பயந்த மாதிரி அவர் சிரிக்கவில்லை. மேடையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "எனக்கு ஒருதடவை கண்ணாடி அடைச்ச கேபின் வண்டி குடுத்தாங்க. புது வண்டி. உள்ள ஒரு சத்தம் கேக்காது. எப்ப கியர் மாத்தறதுன்னே தெரியல. பத்து நாள் வண்டி குதிரை மாதிரி குதிச்சுது. கிளீனர் எங்கூட வர மாட்டேன்னுட்டான்."

"அப்ப ஃபேனை நிறுத்திர்றீங்களா? அந்தத் தண்ணி வத்துற நேரத்துக்கு மட்டும்."

நிறுத்திப் பார்த்தார்கள். மின்சாரம் வந்ததும் அடுத்த தடவை அப்படித்தான் வறுத்தாள். வறுவல் அருமையாக வந்தது. ஆனால் பொடி விழுந்த கையோடு ஃபேனைப் போட்டும், அது வேகம் பிடிப்பதற்குள் வாசல் வழியாக வந்த காற்று மிளகாய்ப் புகையை வாரி ஹாலுக்குள் கொட்டியது. நான்கு நாளாக நல்ல காற்றுக்குப் பழகிவிட்ட மூக்குகள் முன்போலப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. பதினெட்டுப் பேர் ஒரே தாளத்தில் இருமினார்கள். செய்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, "செய்தி என்னன்னா," என்று ஆரம்பித்து, தும்மி, அப்படியே திரும்பிப் போனார்.

"ஃபேன் ஓடித்தான் ஆகணும் தங்கச்சி," என்றார் முதலாளி.

"அப்ப அந்த வண்டியை எப்படித்தான் ஓட்டினீங்க?"

"கால்ல வந்துச்சு. கிளட்ச்ல ஒரு அதிர்வு இருக்கும். சத்தம் கேட்ட வரைக்கும் அதைக் கவனிச்சதே இல்ல. சத்தம் போனதும் காலு கேக்க ஆரம்பிச்சுது."

அன்று மூன்று மணிக்கு மேல் யாரும் அவளை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. மிஞ்சியிருந்த நண்டில் அரைக் கிலோவாக எடுத்து, ஃபேனை ஓடவிட்டு வறுத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், ஆனால் அதை நம்பிக்கொண்டு நிற்கவில்லை. கரண்டியின் பிடியை இறுக்கிப் பிடிக்காமல் விரல் நுனியில் லேசாகப் பிடித்துப் புரட்டினாள். தண்ணீர் இருக்கும்வரை துண்டுகள் கரண்டிக்கு வழுக்கிக் கொடுத்தன, சேற்றில் துடுப்புப் போடுகிற மாதிரி. வற்ற வற்றக் கரண்டி இழுபட்டது. பிறகு ஓடு இரும்பில் உரசுகிற ஒரு சிறு நடுக்கம் பிடி வழியாக ஏறி மணிக்கட்டில் வந்து நின்றது.

அது மட்டும் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. மணிக்கட்டுக்கு இன்னும் ஒரு நாள் பழக்கம்கூட இல்லை. கண்ணுக்கும் ஒரு சாட்சி வேண்டும். தட்டைக் கரண்டியைச் சட்டியின் நடுவில் வைத்து ஓரம்வரை ஒரு கோடு இழுத்தாள். இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் ஓடிவந்து கோட்டை மூடியது. அரை நிமிடம் கழித்து மறுபடி இழுத்தாள். மெதுவாக மூடியது. மூன்றாவது முறை கோடு வகிடு எடுத்த மாதிரி அப்படியே நின்றது, கரையில் எண்ணெய் மட்டும் மினுங்கியது. அதே நேரம் மணிக்கட்டிலும் அந்த நடுக்கம். தீயைக் குறைத்தாள்.

நான்காவது முறை வறுத்ததை முதலாளியும் செய்தியும் தின்று பார்த்துவிட்டு, ஐந்தாவது முறையையும் கேட்டார்கள்.

"இன்னும் சரியா வரலையா, இல்ல இன்னும் பசிக்குதா?" என்றாள் சட்டியக்கா.

"சோதனைன்னா முழுசா பண்ணணும்க்கா," என்றார் செய்தி.

வீட்டுக்குப் போனதும் புருஷன் காகிதத்தைக் கேட்டார். அதில் இரண்டு, ஆறு, நான்கு, மூன்று என்று எழுதியிருந்தது. நான்குக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"இது என்ன?"

"அது நண்டைப் பொறுத்தது."

"அளவுல கேள்விக்குறி வச்சு நான் பாத்ததே இல்ல."

"உங்க துணி தண்ணி விடுமா? என் நண்டு விடும்," என்றாள் அவள். ஏன் நேரம் குறித்துச் சொல்ல முடியாது என்பதை ஆறு வருடத்தில் முதல்முறையாக அவளால் சொல்ல முடிந்தது. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பருத்தித் துணி நனைந்தால் சுருங்கும், அதற்குத் தானும் ஒரு விரற்கடை கூட்டித்தான் வெட்டுவது வழக்கம் என்று ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை சோதனை வேறு வழியில் வந்தது. அன்று சந்தைக்கு நண்டு குறைவாகத்தான் வந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். பாதிக்குமேல் லேசு. ஓடு மாற்றி அதிக நாளாகாத, தண்ணீர் கோத்த நண்டு. வேறு கிடைக்கவில்லை. பொறுக்கிப் பொறுக்கி ஒன்றரைக் கிலோ தேற்றினாள். அதிலும் நான்கைந்து லேசானவை இருந்தன.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பெரிய மேஸ்திரி வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். கூடப் பட்டறையிலிருந்து ஐந்து பேர். செய்தி உள்ளே வந்து, "வந்தாச்சு. தண்ணி மட்டும் குடிச்சிட்டு உக்காந்திருக்கார். சோறு வேணாமாம், நண்டு வந்தப்புறம் போதுமாம்," என்று சொல்லிவிட்டு, போகாமல் நின்றார். முதலாளியும் வந்து நின்றார். கடிகாரத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார், அது ஏதோ தன்னுடைய பொறுப்பு என்பது போல.

ஃபேன் உறுமியது. நண்டு விழுந்தது. இரண்டு நிமிடத்தில் ஓடு சிவந்தது. மூடினாள். ஆறு நிமிடம் கழித்து மூடியைத் திறந்தபோது, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தண்ணீர் சட்டிக்குள் தளும்பியது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் தீயை முழுக்க ஏற்றினாள். ஃபேன் இழுத்த காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிவதைக் கவனித்து, சட்டியை அந்தப் பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்தாள்.

"நாலு நிமிஷம் ஆச்சு," என்று கத்தினார் முதலாளி.

அவள் கோடு இழுத்தாள். தண்ணீர் ஓடிவந்து மூடியது. தலையை ஆட்டினாள்.

"அஞ்சு. காயப் போவுதும்மா. ஆவியே காணோமே."

"ஆவியை உங்க ஃபேன் தின்னுது. பேசாம இருங்கண்ணே."

கோடு. மெதுவாக மூடியது. கரண்டி இன்னும் வழுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆவியைக் காணாத கண் 'போதும் போதும்' என்றது, கடிகாரக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது, கை மட்டும் 'இல்லை' என்றது. நேற்றுப் பிறந்த கை. அதை நம்புவதா என்று ஒரு கணம் தடுமாறினாள். சதை சுருங்கிவிட்டால் திருப்பி நிமிர்த்த முடியாது. இன்னொரு சட்டி போட நண்டும் இல்லை.

நின்றாள்.

"ஆறு," என்றார் முதலாளி. இந்த முறை கத்தவில்லை. அவருடைய உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

ஆறரை நிமிடத்தில் கரண்டி இழுபட்டது. மணிக்கட்டுக்குள் அந்த நடுக்கம் சட்டென்று வந்து உட்கார்ந்தது. கோடு இழுத்தாள். நின்றது. தீயை அடக்கினாள். பொடியைத் தூவிப் புரட்டினாள். மூன்று நிமிடம், அடி மேலாக, மேல் அடியாக. அடுப்பை நிறுத்திய பிறகும் கனத்த சட்டியின் சூட்டிலேயே இன்னும் ஒரு நிமிடம் விட்டாள். பொடி கருக்காமல் சிவந்து, ஓட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் பிடித்துக்கொண்டது.

ஆறு தட்டையும் செய்தி கொண்டுபோனார். முதலாளி பின்னாலேயே போனார். சட்டியக்கா போகவில்லை. பரிமாறும் ஜன்னல் வழியாக மேஸ்திரியின் முதுகு மட்டும் தெரிந்தது. முதுகைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. தோள் அசைந்தது. குனிந்தார். நிமிர்ந்தார். ஒரு கொடுக்கை உறிஞ்சுகிற மாதிரித் தலை பின்னால் சாய்ந்தது. மறுபடி குனிந்தார். நீண்ட நேரம் அப்படியே போயிற்று. செய்தியோ ஒரு செய்தியும் கொண்டுவராமல் அங்கேயே தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தார். வாழ்நாளிலேயே அன்றுதான் அந்த மனுஷன் வேலையை மறந்தார்.

கடைசியில் மேஸ்திரியே எழுந்து அடுப்பங்கரை வாசலுக்கு வந்தார். கை இன்னும் கழுவவில்லை. சட்டியக்கா ஃபேனை நிறுத்தினாள்.

"நாளைக்குப் பதினாறு பேருன்னு சொல்லியிருந்தேன்," என்றார் அவர்.

"ஆமாங்க."

"அதை இருபத்திநாலா ஆக்கிக்கம்மா. இவங்க அஞ்சு பேரும் வீட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வரப் போறானுங்களாம்."

சட்டியக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு கணக்குப் போட்டாள். "இருபத்திநாலு தட்டுன்னா நாலு சட்டி. ஒரே நேரத்துல கேக்கக் கூடாது. ஒரு சட்டிக்கும் அடுத்த சட்டிக்கும் இருபது நிமிஷம் ஆகும். அடைச்சுப் போட்டு வறுக்க மாட்டேன்."

"தங்கச்சி, விருந்துக்கு வந்தவங்களை வரிசைல நிக்க வைப்பியா?" என்றார் முதலாளி பின்னாலிருந்து.

"நிக்கட்டும். இல்லன்னா மீனே போடுங்க."

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி விரலில் ஒட்டியிருந்த மசாலாவைப் பார்த்து, அதை நக்கினார்.

"நாலு சட்டிதான் சரி. அவசரத்துல பொருத்தினா எதுவும் நிக்காது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மொத சட்டி எனக்குன்னு எழுதிக்க," என்றார்.

ஹாலுக்குள்ளிருந்து ஐந்து குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. அது எப்படி, வயசுப்படி, இல்லை இல்லை, சீட்டுக் குலுக்கிப் போடணும், படகுக்கு ஆணி அடிச்சது யாரு, வர்ணம் பூசினது யாரு. மேஸ்திரி திரும்பிப் போய் அவர்களோடு சண்டையில் உட்கார்ந்தார். சட்டியக்கா ஒரு தட்டில் தனக்குச் சோறு போட்டு, சட்டியின் அடியில் ஒட்டியிருந்த மசாலாவைக் கரண்டியால் வழித்துப் பிசைந்து, ஜன்னலோரம் நின்றபடியே அந்தச் சண்டை முடியும்வரை சாப்பிட்டாள்.